தம்பிக்கு 1,200 ரியாலா, திருச்சியில் 11,000 ரூபாயா? வெல்டிங் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோதையாறு_கரை

வணக்கம். குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. தம்பிக்கு 21 வயது. ஐடிஐயில் வெல்டர் படித்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு கிரில் பட்டறையில் ஒன்றரை வருடமாகக் கேட், ஜன்னல், ஷீட் கூரை என்று வேலை பார்க்கிறான். நாள் சம்பளம் 600.

இப்போது இரண்டு வழி வந்திருக்கிறது. ஒன்று, ஏஜெண்ட் மூலமாகச் சவுதி. விசாவில் 'ஹெல்ப்பர்' என்றுதான் இருக்கும், 1,200 ரியால், தங்க இடமும் சாப்பாடும் கம்பெனி பொறுப்பு. நம் பணத்தில் 27,000 ரூபாய் வரும். இரண்டாவது, திருச்சி துவாக்குடிப் பக்கம் பைப் வேலை செய்கிற ஒரு சிறிய பட்டறை. ஆர்கான் வாயு வைத்துச் செய்கிற டிக் வெல்டிங் கற்றுத் தருவார்களாம், மாதம் 11,000. இப்போது வாங்குவதை விடவும் அது குறைவு.

அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய 2 லட்சம் கடன் இருக்கிறது, நூற்றுக்கு இரண்டு வட்டி. அம்மா சவுதி என்கிறார். தம்பிக்குத் திருச்சி போக ஆசை. நான் பிஎட் படிக்கிறேன், எனக்கு இந்தத் தொழில் தெரியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேர்க்கிளம்பி_சஜின்

இரண்டும் வேண்டாம். 6ஜி பைப் வெல்டிங் கோர்ஸ் என்று இருபது நாளில் முடித்துச் சர்டிபிகேட் தருகிற இடங்கள் நிறைய உண்டு. அந்தச் சர்டிபிகேட் கையில் இருந்தால் ஹெல்ப்பராகப் போக வேண்டாம், நேராக வெல்டர் விசாவிலேயே போகலாம். 11,000 ரூபாய்க்கு எதற்கு இரண்டு வருடத்தை வீணாக்க வேண்டும்?

பைப்_அண்ணன்

தங்கச்சி, நான் 2002-இல் ஐடிஐ முடித்து இந்தத் தொழிலுக்கு வந்தவன். வெல்டராகப் பன்னிரண்டு வருடம் இருந்தேன், அதற்கப்புறம் வெல்டிங் இன்ஸ்பெக்டர். என்னுடைய கணக்கையும், கூடப் படித்த நண்பனின் கணக்கையும் அப்படியே எழுதுகிறேன். அதைப் பார்த்துவிட்டு நீங்களே யோசியுங்கள்.

படிப்பு முடிந்த உடனே அவன் ஹெல்ப்பராகச் சவுதி போனான். 600 ரியால். அந்த வருடங்களில் ரியால் சராசரியாக 12 ரூபாய், ஆக மாதம் 7,200. நான் திருச்சியில் ஒரு பைப் பட்டறையில் 1,800 ரூபாய்க்குச் சேர்ந்தேன். மூன்று வருடத்தில் அது 3,500 ஆனது, சராசரி 2,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது வருடம் கையில் டிக் வெல்டிங் இருந்ததால் வேறு பட்டறையில் 6,000 கிடைத்தது.

நாலு வருடம் முடியும்போது அவன் வாங்கியது மொத்தம் 3,45,600. நான் வாங்கியது 1,62,000. ஊருக்கு வந்தால் அவன் வீட்டில் கான்கிரீட் போட்டிருக்கிறான், எங்கள் வீட்டில் ஓடு. என் அம்மா அதைச் சொல்லாத நாள் கிடையாது.

2006-இல் நானும் போனேன், ஆனால் டிக் வெல்டராக, 1,400 ரியால். அப்போது அவனுக்கு 800. மாதத்துக்கு 7,200 ரூபாய் வித்தியாசம். முதல் நாலு வருடத்தில் அவனுக்கு என்னைவிட அதிகமாகக் கிடைத்திருந்த 1,83,600 ரூபாயை இருபத்தாறு மாதத்தில் எட்டிப் பிடித்துவிட்டேன். திருச்சியில் நான் சாப்பாட்டுக்குச் செலவழித்ததையும் சேர்த்தால் இன்னும் சில மாதம் கூடும். 2008 தாண்டிய பிறகு எங்கள் இருவருக்கும் இடையில் உள்ள தூரம் வருடா வருடம் கூடிக்கொண்டேதான் போனது.

கூடியதற்குக் காரணம் சம்பள உயர்வு மட்டுமில்லை, அடுத்தடுத்து கையில் கிடைத்த வேலை. சாதாரண இரும்புப் பைப்பில் ரூட், அதாவது அடியில் போடுகிற முதல் பற்று, ஒழுங்காக விழுந்ததால் என்னை ஸ்டெயின்லெஸ் பைப்புக்கு விட்டார்கள். அதில் பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிப் பொங்கிவிடும். அது பிடிபட்ட பிறகு மின்நிலையத்தில் பி91 என்கிற உலோகக்கலவைப் பைப் கொடுத்தார்கள். 200 டிகிரிக்குக் குறையாமல் சூடேற்றி வைத்துக்கொண்டே பற்றவைக்க வேண்டும், முடிந்ததும் 760 டிகிரி பக்கத்தில் சூட்டுப் பக்குவம் செய்ய வேண்டும். அந்த ஜாயிண்டைப் புது ஆளிடம் எந்தப் போர்மேனும் கொடுக்க மாட்டான். யாருடைய ஜாயிண்டில் ரிப்பேர் குறைவு என்று பட்டியலைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பான். அந்தப் பட்டியலில் என் பெயர் வந்ததற்கு அடித்தளம் அந்த 1,800 ரூபாய் வருடங்கள்.

நண்பனுக்கு அறிவு குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐடிஐயில் என்னைவிட நன்றாகப் பற்றவைப்பான். அங்கே போனபின் அவன் கையில் வெல்டிங் டார்ச் வரவே இல்லை. கிரைண்டிங், பைப் தூக்குவது, கேபிள் இழுப்பது என்று நாலு வருடம் போனது. கை மறந்துவிட்டது.

வேர்க்கிளம்பி_சஜின்

அண்ணா, நீங்கள் சொல்வது பழைய காலம். என் மாமா மகன் போன வருடம் இருபது நாள் கோர்ஸ் முடித்துத்தான் போனான். சர்டிபிகேட்டைப் பார்த்துத்தானே விசா அடித்தார்கள்?

பைப்_அண்ணன்

விசா அடித்திருப்பார்கள் சஜின், அதில் சந்தேகமில்லை. போய் இறங்கியதும் டெஸ்ட் வைத்தார்களா என்று அவனிடம் கேளுங்கள்.

பிரஷர் பைப் வேலையில் பெரும்பாலும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் கோடு ஒன்பதாம் பகுதிதான் நடைமுறை. அதன்படி வெல்டரைச் சோதித்துத் தகுதி கொடுக்க வேண்டியது அவரை வேலைக்கு வைக்கிற நிறுவனம். கோர்ஸ் நடத்துகிற இடத்தின் காகிதம் வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். சைட்டில் 6 அங்குல விட்டமுள்ள கனத்த பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவைத்து, 'பற்றவை' என்பார்கள். அதுதான் 6ஜி. பைப்பைத் திருப்ப முடியாது, நீங்கள்தான் சுற்றிச் சுற்றி, குனிந்து, அண்ணாந்து போக வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது அறுத்து வளைத்துப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் ஹெல்ப்பர் சம்பளத்துக்கு இறக்குவார்கள், இல்லை ஊருக்கு அனுப்புவார்கள். இரண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை தேறினாலும், ஆறு மாதம் அந்த முறையில் பற்றவைக்காமல் இருந்தால் அந்தத் தகுதி போய்விடும். தகுதி கொடுப்பது வேலைக்கு வைக்கிற நிறுவனம் என்பதால் ஒவ்வொரு கம்பெனியிலும் பெரும்பாலும் காகிதம் புதிதாகத் தொடங்கும். கூடவே வருவது கைப்பழக்கம் மட்டும்தான்.

இருபது நாளில் கை எப்படிப் போக வேண்டும் என்று காட்டித் தரலாம். காற்று அடிக்கும்போது, இடுக்கில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பற்றவைக்கும்போது, பத்தாவது மணி நேரத்தில் கை நடுங்கும்போது ரூட் சரியாக விழுவதற்கு எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

வேர்க்கிளம்பி_சஜின்

கேட்டுப் பார்த்தேன். டெஸ்ட் வைத்தார்களாம். முதல் தடவை போய்விட்டது, இரண்டாவது தடவை தேறினானாம். ஆனால் அவன் ஏற்கெனவே கோயம்புத்தூரில் இரண்டு வருடம் பம்ப் கம்பெனியில் வெல்டராக இருந்தவன். அதை நான் சொல்லாமல் விட்டது தப்புதான்.

தக்கலை_மேரி

எல்லோரும் தொழிலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கடனைப் பற்றிச் சொல்கிறேன்.

2 லட்சத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் மாதம் 4,000 வட்டி மட்டும். அந்தப் பையன் 11,000 வாங்கி, திருச்சியில் சாப்பாடு, அறை போக என்ன அனுப்புவான்? இரண்டு வருடத்தில் வட்டியாக மட்டுமே 96,000 கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அது அசலோடு சேரும். கைத்தொழில் மெதுவாகத்தான் வளரும், வட்டி மாதம் தவறாமல் வளரும். பைப் அண்ணன் வீட்டில் அன்றைக்கு வட்டிக் கடன் இருந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

என் கணவரும் 19 வயதில் ஹெல்ப்பராகத்தான் போனார். அந்தப் பணத்தில்தான் அவருடைய இரண்டு தங்கச்சிகளைக் கரையேற்றினோம். அவருக்கு இன்றைக்கும் பெரிய சம்பளம் இல்லை. ஆனால் அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் வீடே போயிருக்கும். அதைத் தவறான முடிவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பைப்_அண்ணன்

இல்லை மேரி அக்கா, எங்கள் வீட்டில் கடன் இல்லை. வயல் கொஞ்சம் இருந்தது, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் என்னால் 1,800 ரூபாயில் இருக்க முடிந்தது. நண்பன் வீட்டில் கடன் இருந்தது. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அஞ்சுகிராமம்_தங்கராஜ்

ஊரை விட்டு வெளிநாடு போவது எதற்கு? பெற்றவர்களை வயதான காலத்தில் யார் பார்ப்பது? மகேந்திரகிரி ராக்கெட் மையத்திலும் கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் நம் பக்கத்திலேயே வேலை இருக்கிறதே. என் மருமகன் அங்கே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறான், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறான்.

கோதையாறு_கரை

ஐயா, உள்ளூரா வெளிநாடா என்பதல்ல என் கேள்வி. முதலில் சம்பளமா, முதலில் தொழிலா என்பதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், அங்கே ஒப்பந்தக்காரர்கள் வெல்டர் எடுக்கும்போது என்ன கேட்கிறார்கள்?

அஞ்சுகிராமம்_தங்கராஜ்

மருமகனிடம் கேட்டேன் அம்மா. டிக் தெரியுமா, ஸ்டெயின்லெஸ் பண்ணியிருக்கிறாயா என்றுதான் முதல் கேள்வியாம். கேட்டுவிட்டு அவர்களே டெஸ்ட் வைப்பார்களாம். கிரில் வேலை மட்டும் தெரிந்தவர்களை உள்ளே எடுப்பதில்லை என்கிறான்.

குளச்சல்_அந்தோணி

நான் ஹெல்ப்பராகப் போய் வெல்டர் ஆனவன், அதனால் என் பங்குக்கு எழுதுகிறேன். கத்தாரில் எங்கள் போர்மேன் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெட்டிப் போட்ட பைப் துண்டுகளில் பழக விடுவார். ஒரு வருடம் வெயிலில் சாப்பாட்டை அரைகுறையாக விழுங்கிவிட்டுப் பழகினேன். அடுத்த கான்ட்ராக்டில் வெல்டர். எனவே ஹெல்ப்பராகப் போனால் அதோடு முடிந்தது என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் எங்களோடு முப்பது ஹெல்ப்பர் இருந்தார்கள். வெல்டர் ஆனது நானும் ஒரு பீகார் பையனும் மட்டும்தான். அந்தப் போர்மேன் வேறு சைட்டுக்குப் போன பிறகு வந்தவர் ஹெல்ப்பர் டார்ச்சைத் தொட்டாலே சத்தம் போடுவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு ஜாயிண்ட் கெட்டால் வெட்டி, தேய்த்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

பைப்_அண்ணன்

அந்தோணி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி சவுதியா திருச்சியா என்பதே அல்ல போலிருக்கிறது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கையில் டார்ச் இருக்கும், செய்த தப்பை யாராவது காட்டித் தருவார்களா, இந்த இரண்டுதான்.

அதனால் திருச்சிப் பட்டறையையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். 'கற்றுத் தருகிறோம்' என்று சொல்லி இரண்டு வருடம் கிரைண்டிங் மட்டும் செய்ய வைக்கிற இடங்கள் உண்டு. அப்படியானால் சம்பளமும் குறைவு, தொழிலும் இல்லை. தம்பி ஒருநாள் நேரில் போய்ப் பார்க்கட்டும். அங்கே ஏற்கெனவே ஒரு வருடமாக இருக்கிற பையன்கள் யாராவது ரூட் போடுகிறார்களா என்று பார்க்கட்டும். யாரும் போடவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம்.

அடுத்து, பழகப் பைப் துண்டும் ஆர்கானும் தருவார்களா என்று கேட்க வேண்டும். ஆர்கான் காசு கொடுத்து வாங்குகிற வாயு, சிலர் அதில் கை வைக்க விட மாட்டார்கள். முக்கியமாக, அவர்கள் வேலைக்கு எக்ஸ்ரே உண்டா, அந்தப் பிலிமை வெல்டரிடம் காட்டுவார்களா? நான் மாறியது பிலிம் பார்க்க ஆரம்பித்த பிறகுதான். வெளியே பார்க்க மணி மணியாக அழகாக இருக்கும் ஜாயிண்டில், பிலிமில் நடுவே நேராக ஒரு கருங்கோடு ஓடும். ரூட் முழுக்க உருகி இறங்கவில்லை என்று அர்த்தம். சின்னக் கரும்புள்ளிகள் சிதறிக் கிடந்தால் காற்று ஆர்கானைக் கலைத்திருக்கிறது, அல்லது பைப்பைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. அதைப் பார்த்துவிட்டு மறுநாள் 3 மில்லி மீட்டர் இடைவெளியைச் சரியாக வைத்து, உருகும் முனையில் சாவித்துளை மாதிரி திறப்பதை விடாமல் கவனித்துக் கம்பி கொடுத்தால் அந்தக் கோடு மறையும். பிலிமே காட்டாத இடத்தில் அஞ்சு வருடம் இருந்தாலும் அதே தப்பு நீடிக்கும்.

பட்டறை தேறினால் தம்பி ஆறு மாதக் கெடு வைத்துக்கொள்ளட்டும். ஆறு மாதத்தில் ஒரு டெஸ்ட் துண்டாவது பற்றவைத்து, அறுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லையென்றால் இடம் மாறலாம்.

தக்கலை_மேரி

கடனுக்கு ஒரு வழி சொல்கிறேன். வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வைத்து அந்த வட்டிக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள். வருடத்துக்கு 10 சதவீதம் என்று கிடைத்தால் 2 லட்சத்துக்கு மாதம் 1,700 ரூபாய்க்குள் முடியும். 4,000 எங்கே, 1,700 எங்கே. அப்போது பையன் திருச்சியில் மூச்சுவிட முடியும். நகை இல்லையென்றால் நான் இன்னும் சவுதி பக்கம்தான்.

ஏஜெண்ட் எவ்வளவு கேட்கிறான் என்று நீங்கள் எழுதவே இல்லையே?

கோதையாறு_கரை

1,10,000 கேட்கிறார் அக்கா.

தக்கலை_மேரி

அடப்பாவமே. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். emigrate.gov.in தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த 1,10,000-ஐயும் வட்டிக்கு வாங்கினால் 3,10,000-க்கு மாதம் 6,200 வட்டி. 27,000-இல் அதுவும் போகும். நான் கணவர் காலத்துக் கணக்கை மனதில் வைத்துப் பேசிவிட்டேன், அப்போது எங்களிடம் இவ்வளவு வாங்கவில்லை.

கோதையாறு_கரை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தளத்தில் தேடினேன், அந்த ஏஜெண்ட் பெயர் இல்லை. அம்மாவிடம் காட்டினேன். அதோடு அவர் சவுதிப் பேச்சை நிறுத்திவிட்டார்.

தம்பியும் நானும் திருச்சி போய் வந்தோம். பட்டறையில் ஏழு பேர். எட்டு மாதமாக இருக்கிற ஒரு பையன் ரூட் போட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் துண்டுப் பைப்பில் பழகலாம், ஆனால் ஆர்கான் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும்தான் தருவார்களாம். மற்ற நாள் குச்சி வெல்டிங்கில் பழகச் சொல்கிறார்கள். எக்ஸ்ரே வெளியே அனுப்பி எடுக்கிறார்கள், பிலிமை முதலாளி வைத்திருக்கிறார், கேட்டால் காட்டுவேன் என்றார். காட்டுவாரா என்பது போனால்தான் தெரியும்.

அப்பா இதுவரை வாயே திறக்கவில்லை. நேற்று இரவு மட்டும் சொன்னார். ரப்பர் மரம் ஏழு வருடம் நிற்க வேண்டும், 50 சென்டி மீட்டர் சுற்றளவு வந்தால்தான் கத்தி வைக்க வேண்டும். பணத்துக்கு அவசரப்பட்டு 40-லேயே வெட்டுகிற தோட்டத்திலும் அவர் வேலை பார்த்திருக்கிறார். பால் அன்றைக்கே வரும், ஆனால் அந்த மரம் அதற்கப்புறம் சரியாகப் பருக்காது, பக்கத்துத் தோட்டத்து மரத்தின் பாலுக்கு ஒருநாளும் வராது என்றார். தம்பி அதைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை, துணி எடுத்துவைக்கப் போய்விட்டான்.

நகை நாலு பவுன் இருக்கிறது. அடகு வைத்தால் வட்டிக் கடன் முழுவதும் அடையுமா என்று இன்னும் வங்கியில் கேட்கவில்லை. மீதி ஏதும் இருந்தால் நான் டியூஷன் எடுத்துக் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு நாள் ஓடும் என்று தெரியவில்லை.

குளச்சல்_அந்தோணி

கண்ணையும் நெஞ்சையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிரில் பட்டறைப் பழக்கத்தில் கண்ணாடி இல்லாமல் டேக் என்கிற சின்னப் பிடிப்புப் பற்று போடுவார்கள், ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். ஸ்டெயின்லெஸ் புகை அதைவிட மோசம், காற்று முகத்துக்கு எதிரே வராத பக்கம் நிற்க வேண்டும். இந்தத் தொழிலில் நாற்பதுக்கு மேல் உடம்பு ஒத்துழைப்பது குறைந்துவிடும். எனக்கு 44, முதுகு போய்விட்டது. அண்ணன் மாதிரி இன்ஸ்பெக்டராக மாற எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

பைப்_அண்ணன்

அந்தோணி, திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே பயிற்சிகள் நடக்கின்றன. உங்களுக்குப் பிலிம் பார்க்கத் தெரியும், அதுதான் கஷ்டமான பகுதி. எனக்கும் ஆங்கிலம் 30 வயதில்தான் வந்தது. ரிப்போர்ட் எழுத இருநூறு சொல் போதும். தனியாக எனக்கு எழுதுங்கள், பேசுவோம்.

கோதையாறு_கரை

ஞாயிறு இரவு நாகர்கோவிலில் ரயில் ஏறுகிறான். என்ன கொண்டுபோகச் சொல்ல வேண்டும் அண்ணா?

பைப்_அண்ணன்

டிக் வேலைக்கு மெல்லிய தோல் கையுறை இரண்டு ஜோடி. கிரில் பட்டறையின் தடித்த கையுறையில் கம்பியை விரலால் தள்ள முடியாது. முகமூடிக்கு 10-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி, கூட ஒன்று உபரியாக. ஒரு நோட்டு. பைப் அளவு, இடைவெளி, கரண்ட் எவ்வளவு வைத்தான், பிலிமில் என்ன வந்தது என்று ஒவ்வொரு துண்டுக்கும் அன்றன்றே எழுதிவைக்கச் சொல்லுங்கள். ரயிலில் உட்கார்ந்ததும் ஒரு பழைய கம்பியைக் கையில் கொடுத்து, பெருவிரலாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பழகச் சொல்லுங்கள். திருச்சி வந்து சேர்வதற்குள் விரல் வலிக்கும், வலிக்கட்டும்.